சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்

கீபோர்டு அக்காவின் மாமியாருக்கு ஒரே ஒரு குறை. மருமகள் வேலை செய்த படம், விளம்பரம், நாடகம் எது டி.வி.யில் வந்தாலும் கடைசியில் பெயர்கள் ஓடும்போது உட்கார்ந்து பார்ப்பார். மருமகள் பெயர் 'புரோகிராமிங்' என்ற சொல்லுக்குக் கீழே பத்துப் பதினைந்து பேரோடு சேர்ந்து சிட்டாகப் பறந்துவிடும்.

"கண்ணாடியைத் துடைச்சு மாட்டுறதுக்குள்ள போயிட்டியேம்மா. உன்னை என்ன போலீஸா துரத்துது?" என்பார்.

அக்கா சிரித்துக்கொண்டே போய் துணியை மடிப்பார். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். பிறர் போட்ட மெட்டை, பிறர் சொன்ன வாத்தியத்தில், பிறர் கேட்ட வேகத்தில் கம்ப்யூட்டருக்குள் வாசித்து வைப்பதுதான் அவர் தொழில். இத்தனை வருடத்தில் 'இசை' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கீழே அவர் பெயர் தனியாக வந்ததே இல்லை.

அந்த வாய்ப்பு ஒரு பஸ் ரூபத்தில் வந்தது.

சின்ன அனிமேஷன் படம். டிப்போவில் நிறுத்திவைத்த பழைய பஸ் ஒன்று விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் தானாகக் கிளம்பி, தன் பழைய ரூட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறது. வசனம் கிடையாது. படத்தை எடுத்த டைரக்டர் ஒரு பெண். பேசும்போது கையால் காற்றில் படம் போடுகிறவர். இசையமைக்க ஒப்புக்கொண்ட ஆள் கடைசி நேரத்தில் வேறு வேலைக்குத் தாவிவிட, டைரக்டர் அக்கா வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு வந்து, "உங்ககிட்ட கீபோர்டு வாசிக்கிறவங்க ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்களே ஏதாவது போட்டுக் காட்டட்டும்" என்றார். பிடித்தால் டைட்டிலில் இசை என்று அக்கா பெயர். பிடிக்காவிட்டால் ரெடிமேடாகக் கிடைக்கிற ஒரு துண்டை ஒட்டிவிடுவார்கள்.

"என்னோட பஸ்ஸை வச்சே படம் எடுத்துட்டாங்களா?" என்று அக்காவின் கணவர் கேட்டார். அவர் பஸ் டிரைவர். "எங்க டிப்போல ஒரு வண்டி இருக்கு. அது தானா கிளம்பினா நான்தான் முதல்ல கும்பிடுவேன். நாங்க மூணு பேர் தள்ளினாலே கிளம்பாது."

* * *

ஸ்டூடியோ ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே ரெக்கார்டிங் நிற்கும். அதற்காகக் கடைக்காரருக்கும் ஸ்டூடியோவை நடத்தும் ஒலிப்பதிவு இன்ஜினியருக்கும் நடுவே ஒரு சிவப்பு பல்பு உண்டு. பல்பு எரிந்தால் கடைக்காரர் டயரைத் தொடமாட்டார். அவசரக் கஸ்டமர் வந்தால் படியேறி வந்து கதவில் முகத்தை ஒட்டிக் கெஞ்சுவார்.

உள்ளே இருக்கும் முக்கியமான கம்ப்யூட்டர் ஜப்பானிய மொழி பேசுவது. ஒப்பந்த வேலைக்காக வந்திருந்த ஒரு ஜப்பானிய ஒலிப்பதிவாளர் ஊர் திரும்பும்போது மெஷினை இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இசை மென்பொருள், அதன் மெனு, எச்சரிக்கைப் பெட்டி எல்லாமே அந்த எழுத்தில்தான். மாற்றினால் என்ன என்று வந்த முதல் வாரமே இன்ஜினியர் மொழியை மாற்றிப் பார்த்தார். மென்பொருள் சமர்த்தாக மாறிக்கொண்டது. ஆனால் அந்த மனிதர் வருடக்கணக்கில் சேர்த்துவைத்த வயலின், கோரஸ், காற்று வாத்தியங்கள் எல்லாம் ஒரு பழைய பிளகினுக்குள், அதாவது இசை மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு குட்டி மென்பொருளுக்குள், இருந்தன. அவற்றின் ஒலிகள் இருந்த ஃபோல்டர்களுக்கு ஜப்பானிய எழுத்தில் பெயர். கம்ப்யூட்டரின் மொழி மாறியதும் பழைய பிளகினால் அந்தப் பெயர்களைப் படிக்க முடியவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, ஒலி ஒன்றும் இல்லை என்று கையை விரித்தது. மொழியைத் திருப்பிப் போட்டதும் அத்தனையும் திரும்பி வந்தன.

அத்தோடு ஸ்டூடியோ முடிவெடுத்துவிட்டது. மெஷின் மாறாது. நாம் மாறிக்கொள்வோம்.

யாரும் ஜப்பானிய மொழி கற்கவில்லை. உருவத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மிக்ஸரின் பெயர் மூன்று சாய்ந்த கோடுகளில் தொடங்கும், அது 'சாரல்'. பிளகின் மெனு தலையில் குட்டி வளையம் உள்ள எழுத்தில் தொடங்கும், அது 'மோதிரம்'. MIDI, அதாவது எந்த விசையை எவ்வளவு அழுத்தினாய் என்ற செய்தி, உள்ளே வரும் வழியைக் காட்டும் எழுத்து இரண்டு கோடு சாய்த்து வைத்த கூடாரம்போல இருக்கும். அது 'கூடாரம்'. வெளியே போகும் வழிக்கான எழுத்தில் ஒரு மலைமேல் இன்னொரு மலை நிற்கும். 'ரெட்டை மலை'. எல்லாவற்றிலிருந்தும் வாங்கு என்றால் 'முடிச்சு'. எதிலிருந்தும் வாங்காதே என்ற சொல்லின் கடைசியில் ஒரு தூண்டில் முள் தொங்கும். அதனால் 'தூண்டில்'. ப்ராஜெக்டை மூடும்போது 'சேமிக்க வேண்டாம்' என்ற பொத்தானிலும் அதே தூண்டில் இருப்பதை அக்காதான் கண்டுபிடித்தார்.

"தூண்டில் இருந்தாலே இல்லைன்னுதான் அர்த்தம் தம்பி. ஞாபகம் வச்சுக்கோ."

"ஜப்பான்காரன் கேட்டா அழுதுடுவான்க்கா."

வெளியாள் எவராவது வந்து இவர்கள் பேசுவதைக் கேட்டால் மலையேறப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். "ஏழாவதுக்குக் கூடாரத்தைத் திறந்து மூணாவதைப் போடு. ரெட்டை மலை அப்படியே இருக்கட்டும்."

இந்த மெனுக்களில் அக்காவின் கை கண்ணைவிட வேகமாகப் போகும். பார்த்துப் படிக்க ஒன்றும் இல்லையே. கூடாரத்தைத் திறந்தால் மேலிருந்து தூண்டில், முடிச்சு, அதன்கீழே அவருடைய கீபோர்டு. கை போகும், அமுக்கும், வரும். பீரோவில் புடவை எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிவதுபோல.

* * *

டைரக்டர் கேட்க வந்த நாளில் எல்லாம் கொஞ்சம் ஓட்டமாகவே இருந்தது. அக்கா பழைய விளம்பர ப்ராஜெக்ட் ஒன்றின் நகலைத் திறந்து அதிலேயே பஸ் படத்துக்கான வேலையைத் தொடங்கியிருந்தார். வாத்தியங்கள் எல்லாம் தயாராக இருக்கும், புதிதாக அடுக்க வேண்டாம். வாத்தியத்துக்கு ஒரு டிராக் என்று வரிசையாக இருந்ததில் எட்டாவது டிராக் கிளாரினெட். பஸ்ஸின் குரல் கிளாரினெட்தான் என்று அவர் முதல் நாளே முடிவு செய்துவிட்டார். கொஞ்சம் மூக்கால் பேசும், நல்ல மனசு.

அவர் உட்கார்ந்து டிராக்குகளுக்கு வழி அமைக்கும்போது கணவரிடமிருந்து போன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஸ்பீக்கரை மியூட் செய்துவிட்டு, வேலையையும் பேச்சையும் ஒன்றாகவே நடத்தினார். அதற்குள் டைரக்டர் படியேறி வந்துவிட்டார். போனை வைத்தார். ஸ்பீக்கரைத் திறந்தார். இன்ஜினியர் படத்தை ஓட்டினார். கிளாரினெட் டிராக் ரெக்கார்டுக்குத் தயாராகச் சிவந்து நின்றது. அக்கா வாசித்தார்.

காலி ரோடு. பஸ் வருகிறது. பழக்கதோஷத்தில் ஒரு நிறுத்தத்தில் நிற்கிறது. ஏற யாரும் இல்லை. கதவைத் திறக்கிறது. காத்திருக்கிறது. மூடிக்கொள்கிறது.

அங்கே கிளாரினெட் நான்கு சுரம் இறங்கியது. அது இறங்கி முடித்தபிறகு, அதே நான்கு சுரத்தை யாரோ பலபேர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் முணுமுணுத்தார்கள். பழைய பயணிகள் எல்லாம் பக்கத்துத் தெருவில் இன்னும் காத்திருப்பதுபோல.

இன்ஜினியர் மிக்ஸரிலிருந்து ஏதோ அழகு சேர்க்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டார். அக்கா ஏதோ புதிதாகச் செய்துவைத்திருக்கிறார் என்று இன்ஜினியர் நினைத்துக்கொண்டார்.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதாங்க. வேற எதுவும் வேணாம். அந்த ஸ்டாப் சீன்ல வர்ற அந்த… அந்தத் தூரத்துக் குரல் இருக்கே, அதை மட்டும் மாத்திடாதீங்க. நாளைக்குக் காலைல தயாரிப்பாளரைக் கூட்டிட்டு வர்றேன். அவங்க இதைக் கேட்டா போதும். இசைன்னு உங்க பேர்தான்."

அவர் போனதும் இன்ஜினியர் நாற்காலியைச் சுற்றினார். "அக்கா, என்ன வேலை பண்ணீங்க அங்க? பிரமாதம்!"

"நான் எங்க பண்ணேன்? நீதானே பண்ணே?"

"நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்க்கா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இன்ஜினியர் ரெக்கார்டானதை ஓட்டினார். நிறுத்தத்தில் பஸ் நின்றது. கிளாரினெட் நான்கு சுரம் இறங்கியது. அதன்பின் ஒன்றுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வீடு காலி.

* * *

பதற்றத்தில் உலகத்தில் எல்லோரும் செய்வதையே இன்ஜினியரும் செய்தார். "மெஷின் மக்கர் பண்ணுதுக்கா. மூடித் திறந்தா சரியாயிடும்."

ஜாக்கிரதையான ஆள்தான். முதலில் அக்கா வாசித்த கிளாரினெட் சுரங்களைத் தனி MIDI கோப்பாக வெளியே எடுத்து வைத்தார். பிறகு ப்ராஜெக்டை மூடினார். எச்சரிக்கைப் பெட்டி வந்தது. ஏதோ கெட்டுப்போயிருக்கிறது, கெட்டதை எதற்குச் சேமிப்பது என்று தூண்டில் உள்ள பொத்தானை அமுக்கினார்.

திறந்தது. அக்கா எட்டாவதுக்கு மறுபடி வழி போட்டு நான்கு சுரம் வாசித்தார். கிளாரினெட். வெறும் கிளாரினெட்.

"இப்ப வாசிக்கும்போதே வரலியே!" என்றார் அக்கா. "மூடுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி வாசிச்சுப் பாத்திருக்கலாம் தம்பி."

இன்ஜினியரின் முகம் காற்றுப்போன டயர்போல ஆனது. எது அந்தக் குரலைக் கொண்டுவந்ததோ, அது சேமிக்கப்படாமல் போய்விட்டது.

தேடத் தொடங்கினார்கள். சாரலைத் திறந்து மிக்ஸரில் ஒவ்வொரு டிராக்காகப் பார்த்தார்கள். வயலின் இருந்தது, அதன் மீட்டர் ஆடவில்லை. மணி இருந்தது, ஆடவில்லை. ஏழாவதில் ஒரு ஹம்மிங் கோரஸ்.

"இதுவா இருக்குமோ?"

"ஃபேடர் அடியில கிடக்குது பாருங்க. சத்தத்தை முழுசா இறக்கி வச்சிருக்கு. இதுலேர்ந்து எப்படி வரும்?" இன்ஜினியர் அதைத் தாண்டிப் போனார். அக்காவுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அப்படியென்றால் கிளாரினெட் மேலேயே ஏதோ எக்கோ பிளகின் தவறுதலாக ஏறியிருக்க வேண்டும். மோதிரத்தைத் திறந்தார்கள். எக்கோ கீழிருந்து நான்காவது என்று அக்காவுக்கு ஞாபகம். போன வாரம் இன்ஜினியர் அந்தப் பிரிவில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தது ஞாபகம் இல்லை. அமுக்கினார். கிட்டாருக்குக் கரகரப்பு ஏற்றும் பிளகின் ஏறிக்கொண்டது. பஸ் சாதுவாக வந்து நிறுத்தத்தில் நின்று, லாரிபோல ஹாரன் அடித்தது.

கீழேயிருந்து டயர் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வண்டி ஏதாவது ரிவர்ஸ்ல வருதா?"

சரியான எக்கோவையும் போட்டுப் பார்த்தார்கள். கிளாரினெட்டே கிளாரினெட்டை எதிரொலித்தது. கிணற்றுக்குள் வாசிப்பதுபோல இருந்தது. கோரஸ் டிராக்கின் ஃபேடரை ஏற்றி அதில் அக்கா தனியாக வாசித்தும் பார்த்தார். கோரஸ் ஆட்கள் அறைக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடினார்கள். நெருக்கம், ரொம்ப நெருக்கம். ஃபேடரைப் பாதியாக்கினால் அதே ஆட்கள் கூச்சப்பட்டுப் பாடினார்கள். சுவர் வரவில்லை.

"நாளைக்கு இதையே கொஞ்சம் மாத்தி, கிட்டத்தட்ட அதே மாதிரி குடுத்துடலாம்க்கா."

"அவங்க கண்ணைத் துடைச்சது கிட்டத்தட்டவுக்கு இல்ல தம்பி."

வீட்டில் அன்று அக்கா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமியார் கவனித்துவிட்டார். "பேர் வருமா வராதாம்மா?"

"வரும்போல இருந்துச்சு அத்தை. எங்கேயோ வச்சுட்டு மறந்துட்டேன்."

"வச்ச இடத்துல நின்னு யோசிச்சுப் பாரு. நான் சாவியை அப்படித்தான் எடுப்பேன்."

கணவர் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். "எங்கம்மா சாவியை எடுக்கறதுக்குள்ள நாங்க பூட்டை உடைச்சிடுவோம். ஆனா ஒண்ணு, கடைசில சாவி கிடைச்சிடும்."

* * *

வைத்த இடத்தில் நின்று பார்ப்பது என்றால் எங்கே நிற்பது? காலையில் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தபோது அக்கா அதைத்தான் யோசித்தார். புத்தி எதையும் வைத்திருக்கவில்லை. கை வைத்திருக்கலாம். நேற்று ப்ராஜெக்டைத் திறந்தபோது கை என்ன செய்தது? சரியாகத்தான் செய்தது, எப்போதும்போல எட்டாவதுக்குக் கூடாரத்தைத் திறந்து மூன்றாவதைப் போட்டது. அப்படித்தானே?

அப்போது தலை எங்கே இருந்தது? போன்மேல் சாய்ந்திருந்தது.

அக்கா போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார். டிப்போவில் வண்டி எடுக்கக் காத்திருந்தவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னங்க, நேத்து என்கிட்ட என்ன பேசினீங்க?"

"எப்போ?"

"டிபன் பாக்ஸ் மூடி விஷயம் பேசினீங்களே. அதைத் திரும்ப அப்படியே சொல்லுங்க."

கணவர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நேத்துதான் அதுக்கு சாரி கேட்டியே. மறுபடி கிண்டலா?"

"கிண்டல் இல்லீங்க. வேலை விஷயம். திட்டினீங்கல்ல, அதே மாதிரி திட்டுங்க."

"டிப்போல எல்லாரும் இருக்காங்கம்மா."

"நேத்தும் இருந்தாங்கல்ல?"

இன்ஜினியர் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஸ்பீக்கரை மியூட் செய்தார். போனைத் தோளில் இடுக்கித் தலையைச் சாய்த்தார். சேமித்திருந்த பழைய ப்ராஜெக்டைப் புதிதாகத் திறந்தார்.

"ஒரு டப்பாவுக்கு இன்னொரு டப்பா மூடியைப் போட்டா எப்படிம்மா மூடும்?" என்று கணவர் தயங்கித் தொடங்கிப் போகப்போகச் சூடு பிடித்தார். "பை முழுக்க எண்ணெய். டிக்கெட் மெஷின்ல எண்ணெய். கண்டக்டர் என்னை ஒரு பார்வை பாக்கறான்…"

"ம்… ம்… அய்யோ, சாரிங்க… நான்தான் அவசரத்துல…"

அக்காவின் வலதுகை மவுஸைப் பிடித்துக் கூடாரத்துக்குப் போயிற்று. திறந்தது. மூன்றாவதை அமுக்கியது. இடதுகை கீபோர்டில் ஒரு விசையைத் தட்டியது. எட்டாவது டிராக்கின் விளக்கு எரியவில்லை. "சீ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கை ஒரு வரி கீழே இறங்கி, மறுபடி கூடாரத்தைத் திறந்து மூன்றாவதை அமுக்கியது. இப்போது எரிந்தது.

"நில்லுங்க, நில்லுங்கக்கா!" இன்ஜினியர் பாதி எழுந்துவிட்டார். "முதல்ல எங்க தொட்டீங்க?"

அக்கா தலையை நிமிர்த்தினார். போன் மடியில் விழுந்தது. தலை சாய்ந்திருந்ததால் கண்ணுக்குத் திரையும் சாய்ந்திருந்தது. கை ஒரு வரி மேலே போயிருந்தது. ஏழாவது. ஹம்மிங் கோரஸ். தூண்டிலில் கிடந்த அந்த டிராக்குக்கும் இப்போது அவர் கீபோர்டிலிருந்து வழி திறந்துவிட்டது. அது சரியாகாததுபோலத் தோன்றியதால் கீழே எட்டாவதுக்கும் வழி போட்டாரே தவிர, மேலே திறந்த கதவை மூடவில்லை.

"ஆனா அதோட ஃபேடர்தான் அடியில கிடக்குதே" என்றார் இன்ஜினியர்.

"ஸ்பீக்கரைத் திற."

அக்கா நான்கு சுரம் இறங்கினார். கிளாரினெட் இறங்கியது. அது முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

மடியில் கிடந்த போனிலிருந்து கணவர் குரல் கேட்டது. "…ஹலோ? அந்த எண்ணெய்ப் பையை நீதான் துவைக்கணும்னு சொன்னேன், கேக்குதா?"

"துவைக்கறேங்க! துவைக்கறேன்!" என்று அக்கா போனை எடுத்துக் கத்தினார். "நீங்க போய் நிம்மதியா வண்டியை எடுங்க."

இன்ஜினியர் சாரலுக்குள் தலையை விட்டிருந்தார். ஏழாவதின் மீட்டர் இப்போதும் ஆடவில்லை. அது ஃபேடரைத் தாண்டி வருவதைத்தான் அளக்கும். ஃபேடரைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. ஆனால் வலது ஓரத்தில், அவர்கள் நேற்று எட்டியும் பார்க்காத எக்கோ பஸ்ஸின் மீட்டர் குதித்தது. மிக்ஸரில் பஸ் என்றால் பல டிராக்குகள் ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொதுப் பாதை. ஏழாவதிலிருந்து அந்தப் பாதைக்கு ஒரு கிளை போயிருந்தது. கிளையின் பக்கத்தில் மோதிர எழுத்து போட்ட ஒரு குட்டிப் பொத்தான் எரிந்தது.

இன்ஜினியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது நான் பண்ணதுக்கா. அந்த விளம்பரத்துக்கு. கோரஸ் நேரா கேக்கக் கூடாது, அதோட எதிரொலி மட்டும் கேக்கணும்னாங்க. கிளையை ஃபேடருக்கு முன்னாடியே எடுத்துட்டு, ஃபேடரை அடியில போட்டுட்டேன். ஃபேடர் எங்க கிடந்தாலும் கிளை வழியா போயிட்டே இருக்கும். வாசிக்கறதை உடனே கேக்க வைக்கிற மானிட்டர் பொத்தானையும் திறந்தே விட்டுட்டேன், அதான் ரெக்கார்டுக்கு வைக்காமலே சத்தம் வந்திருக்கு. ரெக்கார்டு ஆனது எட்டாவது மட்டும்தான். மத்த இடத்துல கிளாரினெட் விடாம ஓடினதுல இது அமுங்கிடுச்சு, ஸ்டாப்ல நீங்க இடைவெளி விட்டதும் கேட்டுடுச்சு."

"நேத்து நான் இந்த ஃபேடரை ஏத்தித்தானே பாத்தேன்?"

"ஏத்தினதும் நேர் சத்தமும் சேந்து வந்துடுச்சு. அதான் ரூமுக்குள்ள வந்து உக்காந்துட்டாங்க."

"ஆக, நீ பாதி தப்பைப் பண்ணி வச்சே. மீதியை நான் பண்ணேன்."

"கூட்டுத் தயாரிப்புக்கா."

நேற்று வெளியே எடுத்துவைத்த MIDI கோப்பு இருந்தது. அந்தச் சுரங்களை எட்டாவதில் போட்டார் இன்ஜினியர். நிறுத்தக் காட்சியின் நான்கு சுரத்தை மட்டும் நகலெடுத்து ஏழாவதிலும் போட்டார். கீபோர்டிலிருந்து வந்தால் என்ன, டிராக்கிலிருந்தே வந்தால் என்ன, கோரஸுக்குச் சுரம் கிடைத்தால் போதும். ஏழாவதின் கூடாரத்தைப் பழையபடி தூண்டிலில் மாட்டினார். ஃபேடரை மட்டும் யாரும் தொடவில்லை. படத்தை ஓட்டினார்கள். பஸ் நின்றது. கதவைத் திறந்தது. அவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருதரம், இன்னொருதரம், சும்மா ஆசைக்கு ஒருதரம்.

இந்தமுறை அக்காவே சேமித்தார். தூண்டில் இல்லாத பொத்தான்.

* * *

தயாரிப்பாளர் வயதான அம்மா. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறவர். படத்தைப் பார்க்காமல் இசையை மட்டும் கேட்கிறாரே என்று டைரக்டர் நெளிந்தார். நான்கு சுரம் இறங்கி அந்தப் பக்கத்து முணுமுணுப்பு வந்தபோது அவர் கண்ணைத் திறந்து, தூங்கிவிட்டவரை எழுப்பியதுபோலத் திரையைப் பார்த்தார்.

"பஸ்ஸுக்குள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா" என்றார் டைரக்டர். "காலி பஸ்."

"இருக்கற மாதிரி இருக்கே." மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "சரி, விடுங்க. இருக்கட்டும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. கீழே இறங்கும்போது டைரக்டர் படியிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டார். "மேடம், அந்தக் குரல் ஐடியா எப்படித் தோணுச்சு?"

அக்கா ஒரு நொடி யோசித்தார். "வீட்ல கொஞ்சம் திட்டு வாங்கினேன். அப்பதான்."

டைரக்டர் அதை ஏதோ ஆழமான பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். பின்னால் வந்த இன்ஜினியர் இருமலை அடக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மேலே வந்ததும் இன்ஜினியர், இனி இப்படி நடக்கக் கூடாது, டிராக்குகளுக்கெல்லாம் நாமே பெயர் வைத்துவிடலாம் என்றார். அதுவரை எல்லாம் ஒரே ஜப்பானியச் சொல்லும் எண்ணும்தான். அக்கா ஏழாவதின் பெயர்ப் பெட்டியைத் திறந்து தமிழில் 'சுவர்' என்று அடித்தார். வெறும் கட்டங்களாக வந்துவிடுமோ என்று இருவரும் எட்டிப் பார்த்தார்கள். வரவில்லை. சாரலுக்கும் மலைகளுக்கும் மோதிரங்களுக்கும் நடுவே மூன்று எழுத்தில் அழகாக நின்றது.

"எட்டாவதுக்கு?"

"பஸ்னு வை. வேணாம், வேணாம்" என்று அக்காவே கையை ஆட்டினார். "எக்கோ பஸ்ஸோட குழம்பிடுவோம். டிப்போன்னு வை."

படம் டி.வி.யில் வந்த ஞாயிறன்று மாமியார் முன்கூட்டியே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தார். கணவர் எண்ணெய் போகாத பையைச் சாட்சிப் பொருள்போல நாற்காலியில் மாட்டியிருந்தார். பஸ் ரூட்டைச் சுற்றிவிட்டு டிப்போவுக்குத் திரும்பியது. விளக்கை அணைத்துக்கொண்டது. இருட்டில் 'இசை' என்று வந்தது. கீழே ஒரே ஒரு பெயர். பின்னால் அந்த நான்கு சுரமும், அதன்பின் சுவருக்கு அந்தப் பக்கத்து மனிதர்களும்.

பெயர் நின்றது. இன்னும் நின்றது.

மாமியார் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் இருந்தது.

"பரவாயில்லையே" என்றார். "இன்னிக்கு உக்காந்து பேசிட்டுத்தான் போற."